வெள்ளைக் கண்ட்ரோலரும் கழற்றாத அக்கவுண்ட்டும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் கடையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். எல்லாருக்கும் அவள் "உள்ளபடி அக்கா"தான். வாங்க வருகிறவர்கள், விற்க வருகிறவர்கள், பக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவர், டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அப்படித்தான்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இரண்டு ஆள் அகலம். முன்னால் கண்ணாடி கவுண்டர், பின்னால் ஒரு நீள மேசை, மேசைமேல் ஒரு பழைய டிவி, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் வயர். ஒருத்தர் விளையாடி முடித்த கேம் கன்சோல் இங்கே வரும், இன்னொருத்தர் விளையாட இங்கிருந்து போகும். நடுவில் அது அவள் கைக்கு வரும். அவள் சோதித்துப் பார்த்து, துடைத்து, ஒரு அட்டையில் அதைப் பற்றி எழுதி, அடியில் ஒட்டுவாள். கடையின் இணையப் பக்கத்திலும் அதே வாசகம்தான். அந்த எழுத்தைப் பார்த்துதான் ஜனங்கள் வாங்கினார்கள்.

மற்ற கடைகளில் எழுதுவது உங்களுக்கே தெரியும். "புதுசு போல", "ஒரே கை", "கெடவே கெடாது". அவள் அப்படி எழுத மாட்டாள். கீறல் இருந்தால் கீறல் என்று எழுதுவாள். எந்தப் பக்கம் என்றும் எழுதுவாள். விசிறி சத்தம் போட்டால் எப்போது போடும், எவ்வளவு நேரம் கழித்துப் போடும் என்று எழுதுவாள். "இதையெல்லாம் எழுதினா எவன்மா வாங்குவான்?" என்று முதலாளி ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிறகு பார்த்தால், எழுதினதால்தான் வாங்கினார்கள். அதற்கப்புறம் முதலாளிக்கும் ஒரு பாட்டு கிடைத்தது. யார் வந்து சந்தேகம் கேட்டாலும், "எங்க அக்கா எழுதினா எழுதினதுதான் சார்" என்பார்.

இதைக் கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரியாது. அவள் ஒல்லி, குரல் மெல்லிசு, நடை வேகம். ஆனால் உள்ளே அவன் இருந்தான். அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது.

அந்தச் சுரங்கக்காரர் கன்சோலை விற்க வந்த நாளிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

மலையைக் குடைந்து ரயில் போக வழி செய்கிற வேலை அவருக்கு. துளை போடும் மெஷின் ஓட்டுவார். மாதக்கணக்கில் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கி, லீவில் வீட்டுக்கு வருவார். ஆள் பெரிய உருவம், வார்த்தை சின்னது. புதிதாக வேறு கன்சோல் எடுத்துவிட்டார், பழையதைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தோள்பையில் துணி சுற்றிக் கொண்டுவந்தார்.

விற்க வருகிறவர்களுக்கென்று மேசை ஓரத்தில் ஒரு முக்காலி உண்டு. அது அவள் வைத்த வழக்கம். விற்கிறவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து, தன் கையாலேயே தன் அக்கவுண்ட்டைக் கழற்ற வேண்டும். இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, "இதுதான் என்னோட முதன்மைக் கன்சோல்" என்று முன்னே பதிந்து வைத்ததை எடுத்துவிடுவது. நெட்டில் காசு கட்டி வாங்கின ஆட்டம் நெட் இல்லாமல் ஓடுவதும், வீட்டில் இன்னொருத்தர் பேரில் ஓடுவதும் அப்படிப் பதிந்த ஒரே பெட்டியில்தான். அந்தப் பதிவு பெட்டிக்குள் மட்டும் இருக்காது, கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் இருக்கும். அதனால் நெட் இருந்தால்தான் எடுக்க முடியும். இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கிற ஆளையும் ஆட்டத்தையும் மொத்தமாக அழித்துப் புதுசு மாதிரி ஆக்குவது. அதற்கு நெட் வேண்டாம். முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால் பெட்டி பார்க்கப் பளிச்சென்று இருக்கும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கம்பெனி கணக்கில் அந்தப் பெட்டி இன்னும் பழைய ஆளுடையதுதான்.

இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை பேரை அந்த முக்காலியில் உட்காரவைத்திருக்கிறாள்!

அவரை உட்காரவைக்கவில்லை.

காரணம் அந்தப் பெட்டி. அது வெளிநாட்டில் வாங்கியது. அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவளுக்குக் கை குறுகுறுத்தது. இந்த மாதிரி பெட்டி வந்தால் வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நம்ம ஊர் டிஸ்க் இதுல ஓடுமா?" என்பதுதான். அவள் ஒவ்வொரு டிஸ்காகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஆட்ட டிஸ்க் எந்த ஊருடையதாக இருந்தாலும் ஓடியது. சினிமா டிஸ்க்தான், எந்த நாட்டுப் பகுதிக்கென்று செய்தது என்கிற ரீஜன் கணக்கில், பெட்டியின் ரீஜன் வேறு, என் ரீஜன் வேறு என்று முறைத்தது. அப்புறம் இன்னொரு சிக்கல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஆட்டத்துக்கு ஸ்டோரில் தனியாக வாங்குகிற கூடுதல் பகுதிகள், அந்த டிஸ்க் எந்த ரீஜனுடையதோ அந்த ரீஜன் அக்கவுண்ட்டில் வாங்கினால்தான் ஒட்டும். இதையெல்லாம் எப்படிச் சுருக்கமாக எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது ஒரு ருசி.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்..."

"நீங்க கிளம்புங்கண்ணே, நான் பாத்துக்கறேன். உங்க ஆளு உள்ளேயேதானே இருக்காரு," என்று திரையில் இருந்த அவர் படத்தைக் காட்டினாள்.

அவர் நம்பிப் போய்விட்டார். அந்தக் கடையில் அவளை நம்பாமல் யாரை நம்புவது?

அன்றைக்கு மேசைமேல் வரவேண்டிய நெட் வயர், முனையில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, செருகினால் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டிருந்தது. வேறு வயர் வரும்வரைக்கும் வை-பையில் போடலாம்தான். ஆனால் வை-பையில் சேர்த்த உடனே பெட்டி பெரிய அப்டேட் ஒன்றை இழுக்கத் தொடங்கும், கண்ட்ரோலர் சோதிக்கவே விடாது. அதனால் நெட் இல்லாமலே சோதிப்போம், கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். டிஸ்க் போட்டாள், கண்ட்ரோலரின் குச்சியை ஆட்டினாள், ஸ்டோரேஜ் பார்த்தாள், துடைத்தாள், மொத்தமாக அழித்தாள், அட்டை எழுதினாள். நடுவில் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை. அட்டையின் கடைசி வரியை எழுதும்போது அவள் கை தயங்கவே இல்லை.

அந்தப் பெட்டியை எதிர்த் தெருவில் சலூன் வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டு போனார். முடி வெட்ட வந்து காத்திருக்கிறவர்கள் பேப்பர் படிக்கிற காலம் போய்விட்டது, விளையாடிக்கொண்டாவது இருக்கட்டும் என்றார்.

*

லீவு முடியப்போகிற சமயத்தில் சுரங்கக்காரர் திரும்பி வந்தார். கடையில் அன்று நல்ல கூட்டம்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். புதுப் பெட்டியில நெட் இருந்தா ஆட்டமெல்லாம் ஓடுது. நெட்டை எடுத்துட்டா பூட்டு போட்ட மாதிரி காட்டுது. என் தம்பி பேர்ல உள்ளே போனாலும் பூட்டுதான். முதன்மைக் கன்சோலா மாத்தலாம்னா, ஏற்கெனவே வேற பெட்டியில இருக்குன்னு சொல்லுது."

"வேற பெட்டின்னா?"

"உங்ககிட்ட குடுத்தேனே, அதா இருக்குமோன்னு..."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற மீசைக்காரன் எழுந்து நின்றான்.

"அது எப்படிண்ணே இருக்கும்? நான் கழட்டாம ஒரு பெட்டியும் இந்த வாசலைத் தாண்டினதில்ல. கம்பெனி வெப்சைட்லயே போய் எடுத்துடலாமே?"

"அதை முன்னாடி ஒரு பெட்டி தண்ணியில போனப்போ எடுத்துட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடுமாம். இன்னும் வருஷம் திரும்பல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்க இருக்கிற இடத்துல டவர் கிடையாதும்மா. நாளன்னிக்குக் கிளம்பறேன். பசங்க எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க. வேலை முடிஞ்சா அங்க வேற ஒண்ணும் இல்ல, சுவரைத்தான் பாக்கணும்."

"தம்பி வீட்டுல, சிநேகிதர் வீட்டுல எங்கயாவது உங்க பேரைப் போட்டு வெச்சிருப்பீங்க. நல்லா நெனச்சுப் பாருங்க. இல்லேன்னா ஒரு பெட்டியை அந்த மலைக்குள்ளயே தோண்டிப் புதைச்சுட்டு வந்துட்டீங்களோ என்னவோ!"

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "எங்க அக்கா எழுதினா எழுதினதுதான் சார்," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் கதை வேறு. அவர் கோபப்படவில்லை. பெரிய உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, "என் தப்பாத்தான் இருக்கும். எனக்கு இதெல்லாம் அவ்வளவு தெரியாது. மன்னிச்சுக்குங்கம்மா," என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் படியிறங்கினார்.

*

மறுநாள் காலை புது நெட் வயர் வந்தது. அவளே பிரித்துச் செருகினாள். 'டக்' என்று கொக்கி விழுந்து உட்கார்ந்தது.

அடுத்து ஒரு காலேஜ் பெண் பெட்டி விற்க வந்தாள். அக்கா அவளை முக்காலியில் உட்காரவைத்தாள். பெட்டிக்கு வயர் போடுவதற்கு முன்னாலேயே அந்தப் பெண் பதிவை எடுக்கிற பட்டனை அவசரமாக அழுத்திவிட்டாள். திரையில் எழுத்து வந்தது. இணையத்தோடு சேர்ந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்று.

"அக்கா, நெட் கேக்குது," என்றாள் அந்தப் பெண்.

உள்ளபடி அக்கா கையில் வயர் நுனியை வைத்துக்கொண்டு நின்றாள். புது வயர். இன்றைக்குத்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது உடைந்த வயர். உடைந்த வயர் இருந்த நாட்களில்தான் அந்த வெளிநாட்டுப் பெட்டி. உடைந்த வயரைச் சுருட்டி மேசைக்கடியில் போட்டவள் அவளேதான். அன்றைக்கு வை-பை சேர்த்தாளா? சேர்த்திருந்தால் அப்டேட் இழுத்திருக்கும். அப்டேட் இழுத்த ஞாபகமே இல்லை. ரீஜன் வாக்கியம் கட்டின ஞாபகம்தான் இருக்கிறது. அதை எழுதிவிட்டு ரசித்த ஞாபகமும் இருக்கிறது.

"அக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. இரு, போடறேன்."

வயரைச் செருகினாள். முகம் மாறினதை அந்தப் பெண் பார்த்துவிட்டாளோ என்று திரும்பிக்கொண்டாள். காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது என்ன தெரியுமா? தான் கேலி பண்ணினது இல்லை, கூட்டம் சிரித்தது இல்லை. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று அவர் சொன்னதுதான். தப்பு பண்ணினவளிடம் தப்பே பண்ணாதவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவளும் அதை வாங்கி வைத்துக்கொண்டாளே! தலையை ஆட்டி வாங்கினாளே!

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அன்று அவருக்கு மதிய ஷிப்ட். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஜட்ஜம்மா, முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

சொன்னாள். தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, அதுவே அதிசயம்.

"சரி, சலூன்காரர்தான் வாங்கிட்டாரே. அவருக்கு ஒண்ணும் குறையல. சுரங்கக்காரர் நாளைக்குக் கிளம்பிடறாரு. நீ வாயைத் திறக்கலேன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அது சரி. நாளைக்குத் தெருவுக்கே தெரியும், பரவாயில்லையா? 'அக்கா எழுதினா எழுதினதுதான்'னு முதலாளி சொல்றப்போ எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க."

அவளுக்கு அதுதான் பயம். அதை அவர் வாயால் கேட்டபோது இன்னும் பயமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையோடு போனை எடுத்து சுரங்கக்காரரைக் கூப்பிட்டாள். மணி போகப் போக, எடுக்க மாட்டாரா, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு. எடுத்துவிட்டார்.

"அண்ணே, நான் கடையிலிருந்து பேசறேன். உங்க தப்பு இல்ல. என் தப்பு. அந்தப் பெட்டியில நான் கழட்டல."

அவர் "ஓ," என்றார். அவ்வளவுதான்.

"உங்க பேர்ல மறுபடி அதே பெட்டியில உள்ளே போய்ட்டு, அங்கிருந்து எடுத்துடலாம். பெட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் வர முடியுமா? புதுப் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க. நான் போய் முன்னாடி கேட்டு வெக்கறேன்."

"கேட்டா கொடுப்பாங்களா?"

"கேக்கறது என் பாடு."

*

சலூனில் மூன்று நாற்காலி. நாலு பேர் காத்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் டிவி, டிவிக்கு அடியில் அந்தப் பெட்டி. அவள் உள்ளே நுழைந்ததும் சலூன்காரர் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வாங்கக்கா, வாங்க! எல்லாரும் பாத்துக்குங்கடா, இவங்கதான் இந்தப் பெட்டிக்குச் சர்டிபிகேட் எழுதினவங்க. எனக்கு மனப்பாடம்!" என்று ஒரு கையால் வாடிக்கையாளரின் தலையைப் பிடித்துக்கொண்டே ஒப்பிக்க ஆரம்பித்தார். "'டப்பா இல்லை. மேல்மூடியில் ஒரு கீறல், கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோலர் இரண்டு. கறுப்பில் குறையில்லை. வெள்ளையின் இடது குச்சி தொடாமலே இடப்பக்கம் சாயும், ஆட்டத்தில் உங்கள் ஆள் உங்களைக் கேட்காமல் நடப்பான்.' ஹா! எப்படி எழுத்து! 'ஸ்டோரேஜ் ஐந்நூறு ஜிபி என்று போட்டிருக்கும், உங்கள் கைக்கு வருவது நானூறு சொச்சம், மீதி பெட்டியே எடுத்துக்கொள்ளும். பெரிய ஆட்டம் என்றால் ஏழெட்டுக்கு மேல் கொள்ளாது. எந்த ஊர் ஆட்டமும் ஓடும். சினிமா டிஸ்க் மட்டும் ஊர் பார்க்கும். கூடுதல் பகுதி வாங்கினால் டிஸ்க் எந்த ஊரோ அந்த ஊர் அக்கவுண்ட்டில் வாங்குங்கள்.' அப்புறம்..."

"அப்புறம் 'பழைய அக்கவுண்ட் நீக்கப்பட்டது'ன்னு இருக்கும்," என்றாள் அவள்.

"ஆமா, அதேதான்!"

"அது பொய்யி."

கத்தரி நின்றது. நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டின தலையோடு கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கண்ணாடி எல்லாப் பக்கமும் இருந்ததால், எந்தப் பக்கம் பார்த்தாலும் அவளை யாரோ ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். போதாதற்கு அவளையே அவள் நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனாலும் விஷயத்தை முழுக்கச் சொன்னாள். நெட் வயர், ரீஜன், முக்காலி, கூட்டத்தில் அவரைக் கேலி செய்தது, எதையும் விடவில்லை. எழுதும்போது எப்படிக் கீறலை விட மாட்டாளோ அப்படி.

காத்திருந்தவர்களில் ஒருத்தர், "அப்போ இந்தப் பெட்டி திருட்டுப் பெட்டியாக்கா?" என்றார்.

"இல்லண்ணே. பெட்டி இவரோடதுதான். விளையாடறதுக்கும் ஒண்ணும் குறையில்ல. அவர் ஒரு நிமிஷம் உள்ளே வந்து, தன் பதிவை எடுத்துட்டு வெளிய போயிடுவாரு. உங்க ஆட்டம், சேவ் பண்ணினது எதுவும் போகாது."

"எழுத்து மேல எழுத்தா எழுதிட்டு, இப்போ வந்து பொய்யின்னா என்ன அர்த்தம்?" சலூன்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நான் இதை வர்றவன் போறவன்கிட்டல்லாம் ஒப்பிச்சுக்கிட்டு இருக்கேன். என் கடையில ஒரு அந்நியன் வந்து என் பெட்டியில கை வெக்கறதுக்கு நான் ஏன் விடணும்? மறுபடி 'பாத்துக்கறேன்'னு சொல்லி நீங்க எதையாவது மறந்துட்டா?"

நியாயமான கேள்விதான். "நீங்க விடலேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள். "ஆனா அவர் நாளைக்கு மலைக்குப் போறாரு. அங்க நெட் கிடையாது. நான் பண்ணினதுக்கு அங்க அத்தனை பேரும் சுவரைப் பாத்துக்கிட்டு உட்காரணும்."

பாதி வெட்டின தலைக்காரர்தான் வாயைத் திறந்தார். "விடுப்பா. என் தலையும் ஆறட்டும்."

அந்தச் சமயத்தில் சுரங்கக்காரர் தோள்பையோடு வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் சலூன்காரருக்கு என்ன தோன்றியதோ, அந்த உருவத்தைப் பார்த்தா, அந்தக் கூச்சத்தைப் பார்த்தா தெரியவில்லை. "வாங்க சார், உள்ள வாங்க," என்றார்.

கறுப்புக் கண்ட்ரோலரில் சார்ஜ் இல்லை, அதன் வயர் சலூன்காரர் வீட்டில். இருந்தது வெள்ளைதான். சுரங்கக்காரர் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்தார். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்தன. அவர் ஒரு எழுத்துக்குப் போனால் குறி தானாக இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இடது குச்சி அவரைக் கேட்கவே இல்லை.

"இதை மட்டும் கரெக்டா எழுதியிருக்கீங்கக்கா," என்றார் சலூன்காரர்.

சுருக்கென்று தைத்தது. பட வேண்டியதுதான் என்று நின்றாள். "கட்டைவிரலால குச்சியை லேசா வலப்பக்கம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, மத்த கையால அம்புப் பட்டனை அழுத்துங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

"ஏய், எல்லாரும் திரும்புங்கடா, மனுஷன் பாஸ்வேர்டு அடிக்கறாரு," என்று சலூன்காரர் அதட்டினார். எல்லாரும் மரியாதையாக டிவிக்கு முதுகைக் காட்டினார்கள். முதுகைக் காட்டினால் எதிரில் கண்ணாடி. கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிந்தது.

"'கே'க்குப் பக்கத்துல போகுது, இடம் வலமா மாறித் தெரியுது," என்றார் ஒருத்தர்.

"வாயை மூடுடா!" சலூன்காரர் பறந்தார். வெள்ளைத் துணிகளை உதறி உதறி ஒவ்வொரு கண்ணாடி மேலும் மாட்டினார். பாதித் தலைக்காரர் கழுத்தில் கட்டியிருந்ததைக்கூட உருவிக்கொண்டு போய்விட்டார். யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். சுரங்கக்காரரும் சிரித்தார். அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

உள்ளே போனார். "இந்தக் கன்சோல் உங்கள் முதன்மைக் கன்சோல்" என்று திரை சொன்னது. அவள் எழுதிய அட்டைக்கு நேர் எதிராக, ஒளிவுமறைவில்லாமல், அத்தனை பேர் முன்னால். அவர் எடுத்துவிடும் பட்டனை அழுத்தினார். நெட் இருந்தது. பதிவு போய்விட்டது. பிறகு தன் பெயரைப் பெட்டியிலிருந்து அழித்தார். சலூன்காரர் தன் ஆட்டத்தைத் திறந்து, விட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது.

புதுப் பெட்டியை அதே டிவியில் மாட்டினார்கள். அதைச் சுரங்கக்காரர் தன் முதன்மைக் கன்சோல் ஆக்கினார். அவள் நெட்டை எடுக்கச் சொன்னாள். சலூன்காரர் எழுந்துபோய் எடுத்தார். சுரங்கக்காரர் தம்பி பேரில் நுழைந்து, ஆட்டத்தைத் தொட்டார். பூட்டு இல்லை. பந்து உதைக்கிற மைதானம் திரை முழுக்கப் பச்சையாக விரிந்தது.

"ஆச்சும்மா," என்றார். அப்புறம் எப்போதும் போலக் குறுகிக்கொண்டு, "நானும் அன்னிக்குக் கூட உட்கார்ந்திருக்கணும். என் பேர்லயும் தப்பு..."

"இல்ல," என்றாள் அவள் வெட்டின மாதிரி. "அதை நீங்க திரும்ப வாங்கிக்குங்க. நேத்து நீங்க கேட்ட மன்னிப்பு எனக்கு வேணாம். அது என்னோடது இல்ல. இன்னும் ஒரு இடத்துக்கு நீங்க வரணும்."

"எங்க?"

"கடைக்கு."

*

கடையில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். நேற்றுச் சிரித்தவர்களில் செல்போன்காரர் இருந்தார், டீக்காரர் இருந்தார், முதலாளி இருந்தார். அவள் கவுண்டருக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் நின்றாள்.

"நேத்து இவரை நான் மலைக்குள்ள பெட்டியைப் புதைச்சீங்களான்னு கேட்டேன். பெட்டியில கழட்டாம விட்டது நான். நான் எழுதினது தப்பு. இவர் சொன்னது சரி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. டீக்காரர் தம்ளரை அடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். முதலாளி அவளை ஓரமாக இழுத்து, "இதையெல்லாம் கஸ்டமர் எதிர்ல சொல்லணுமாம்மா?" என்று கிசுகிசுத்தார்.

"நேத்து கஸ்டமர் எதிர்லதானே அவரைச் சொன்னேன்."

அதற்கப்புறம் "எங்க அக்கா எழுதினா..." என்று முதலாளி ஆரம்பிப்பதே குறைந்துவிட்டது. ஆரம்பித்தாலும் பாதியில் அவள் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் எழுதுவாங்க," என்று முடித்தார். அவளுக்கு அது போதும், அதற்கு மேல் தாங்காது.

சுரங்கக்காரர் படியிறங்கும்போது திரும்பினார். "அங்க ஓடலேன்னா என்ன பண்றதும்மா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ஓடும்ணே. நெட்டை எடுத்துட்டுத்தானே பாத்தோம்," என்றாள். சொல்லிவிட்டு அதையே மனதுக்குள் மறுபடி பார்த்தாள். எடுத்தோமா? எடுத்தோம். சலூன்காரர் எழுந்துபோய் எடுத்தார். பச்சை மைதானம் வந்தது. தம்பி பேரில்தான் வந்தது. ஆமாம்.

அவர் போய்விட்டார். அங்கே டவர் கிடையாது. ஓடுகிறதா என்று இவளால் கேட்க முடியாது. ஓடுகிறது என்று அவராலும் சொல்ல முடியாது. லீவு வரும்வரைக்கும் அந்தக் கேள்வி அவளோடுதான் இருக்கும்.

இப்போது யார் பெட்டி விற்க வந்தாலும், அவசரம் என்றாலும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும், "முக்காலியில உட்காருங்க, முடிச்சிட்டுப் போங்க," என்கிறாள். அவர்கள் உட்கார்ந்த பிறகு நெட் வயரைச் செருகி, 'டக்' என்று கேட்கிறதா என்று குனிந்து கேட்கிறாள். கேட்ட பிறகும் வயரை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாள்.